ஞாயிறு காலை சென்ட்ரலில் இறங்குங்கள்

ஒரு வாரச் சுற்றுலா முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளை வீணாக்குவது பெரும்பாலும் சுற்றுலா அல்ல, திரும்பும் டிக்கெட்தான். கிளம்பும் டிக்கெட்டை எடுக்கும்போது எல்லோரும் கவனமாக இருக்கிறார்கள். திரும்பும் டிக்கெட்டில் மட்டும் "திங்கட்கிழமை காலையில் வந்துவிட்டால் போதும், அப்படியே குளித்துவிட்டு ஆபீஸ் போய்விடலாம்" என்று முடிவு செய்துவிடுகிறார்கள். ஊர் வந்து சேர்வதற்கும் வேலைக்குக் கிளம்புவதற்கும் நடுவில் ஒரு முழு நாளை ஒதுக்கி வைப்பது எப்படி என்பதே இந்த அத்தியாயம். அதைக் கையிருப்பு நாள் என்று அழைப்போம். அந்த நாளை எங்கிருந்து எடுப்பது, விடுப்புக் கணக்கில் அது எப்படி உட்காரும், அந்த நாளில் என்ன செய்வது, அது எப்போது கைவிடும் என்று பார்க்கலாம்.

பொதுவாகப் பேசாமல் ஒரே ஒரு பயணத்தை எடுத்துக்கொள்கிறேன். சென்னையிலிருந்து டெல்லி, ஜெய்ப்பூர், ஆக்ரா போய்விட்டுத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் திரும்பும் பயணம். அரையாண்டு விடுமுறையில் நம் குடும்பங்கள் அதிகம் போகும் வழி இது. தூரம் ஒரு பக்கத்துக்குச் சுமார் 2,180 கிலோமீட்டர், பயண நேரம் ஏறக்குறைய 33 மணி. இரவு 10 மணிக்குச் சென்ட்ரலில் ஏறினால் மூன்றாம் நாள் காலை 6.30 வாக்கில் புதுடெல்லி. திரும்பும்போது புதுடெல்லியில் இரவு 9 மணி வாக்கில் கிளம்பி மூன்றாம் நாள் அதிகாலை சென்னை. நேரங்கள் கால அட்டவணைக்குக் கால அட்டவணை சற்று மாறும். டிக்கெட் எடுக்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள். கணக்கு மாறாது: டெல்லியில் வெள்ளி இரவு ஏறினால் ஞாயிறு காலை இறங்குவீர்கள், சனி இரவு ஏறினால் திங்கள் காலை இறங்குவீர்கள்.

சனி இரவு ரயில்தான் ஆசை காட்டும். ஒரு நாள் கூடுதலாகச் சுற்றலாம், திங்கள் அதிகாலையில் இறங்கி 10 மணிக்கு அலுவலகத்தில் உட்காரலாம் என்று தோன்றும். காகிதத்தில் மூன்றரை மணி நேரம் இருக்கிறது. ஆனால் உடம்பின் கணக்கு வேறு.

அந்த ரயிலின் இரண்டாவது இரவை நினைத்துப் பாருங்கள். மாலை வாரங்கல் தாண்டி, இரவு விஜயவாடாவில் வண்டி நிற்கும். நீங்கள் அப்போதுதான் கண் அசந்திருப்பீர்கள். புதிதாக ஏறுகிறவர்கள் விளக்கைப் போட்டு, பெர்த் எண்ணைத் தேடி, சீட்டுக்கடியில் பெட்டியைத் தள்ளுவார்கள். அதன் பிறகு தூக்கம் பிடிக்க நள்ளிரவு ஆகும். காலை 4.30, 5 மணிக்கே ஒருவர் எழுந்து சங்கிலியால் கட்டிய பெட்டியைக் கழற்றத் தொடங்குவார். பின்னாலேயே கழிவறை வாசலில் வரிசை. நடு பெர்த்தில் படுத்திருப்பவர் எழுந்தே ஆக வேண்டும். ஆக, படுத்திருந்தது 7 மணி நேரமானாலும் தூங்கியது நாலு, ஐந்து மணி நேரம். அதுவும் துண்டு துண்டாக. அதற்கு முந்தைய இரவும் இதே கதைதான். இரண்டு இரவுத் தூக்கக் குறைவோடு திங்கட்கிழமை ஒருவர் வேலை செய்தால் கண் எரிவது மட்டும் நடக்காது. கவனம் தப்பும், படித்த மின்னஞ்சலையே மறுபடி படிப்பார், எளிய கேள்விக்கு எரிச்சலாகப் பதில் சொல்வார். தூக்கம் குறைந்தவருக்குத் தன் கவனம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பது சரியாகத் தெரிவதில்லை. "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே தவறு செய்வார். பணம் எண்ணுகிறவர், மருந்து கொடுக்கிறவர், வண்டி ஓட்டுகிறவர் ஆகியோருக்கு இது சோர்வு என்பதோடு நிற்காது, ஆபத்தாகவும் முடியும்.

விடுப்புக் கணக்கு

கையிருப்பு நாள் வேண்டும் என்றதும் முதலில் தோன்றுவது, திங்கட்கிழமைக்கும் சேர்த்து விடுப்பு எழுதிவிடுவது. அதற்கு முன் ஒரு கணக்குப் போடுவோம்.

பெரம்பூரில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணவர் மத்திய அரசு அலுவலகத்தில் வாரத்தில் ஐந்து நாள் வேலை செய்கிறார். மனைவி தனியார் நிறுவனத்தில் இருக்கிறார். மகள் ஒன்பதாம் வகுப்பு, மகன் ஐந்தாம் வகுப்பு. டிசம்பர் கடைசி வெள்ளிக்கிழமை வேலை முடித்து, இரவு 10 மணிக்குச் சென்ட்ரலில் ஏறுகிறார்கள். ஞாயிறு காலை டெல்லி.

முதல் வழி: அடுத்த சனி இரவு டெல்லியில் ஏறி, திங்கள் காலை சென்னையில் இறங்கி, அந்தத் திங்களை விடுப்பாக்குவது. விடுப்பு திங்களில் தொடங்கி அடுத்த திங்களில் முடிகிறது. இடையில் ஒரு சனி, ஒரு ஞாயிறு மாட்டிக்கொள்கின்றன. அரசு ஊழியருக்கு ஈட்டிய விடுப்பில், அதாவது இ.எல்.லில், நடுவில் வரும் விடுமுறை நாட்களும் விடுப்பாகவே கணக்காகும். ஆறு வேலை நாளுக்குப் பதில் எட்டு நாள் இ.எல். கழிந்துவிடும். பல தனியார் நிறுவனங்களும் இதே வழக்கத்தை வைத்திருக்கின்றன. சாண்ட்விச் விதி என்று மனிதவளத் துறையில் சொல்வார்கள். தற்செயல் விடுப்பான சி.எல்.லுக்கு மத்திய அரசில் இந்தச் சிக்கல் இல்லை. நடுவில் வரும் ஞாயிறும் விடுமுறையும் கழிக்கப்படுவதில்லை. ஆனால் ஆண்டுக்கே எட்டு சி.எல். தான் என்னும்போது, ஆறை ஒரே பயணத்தில் கொடுத்துவிட்டு மற்ற மாதங்களை எப்படி ஓட்டுவது?

இரண்டாவது வழி: வெள்ளி இரவே டெல்லியில் ஏறி ஞாயிறு காலை இறங்குவது. விடுப்பு திங்கள் முதல் வெள்ளி வரை, ஐந்தே நாள். முன்னும் பின்னும் இருக்கும் சனி ஞாயிறுகளை விடுப்போடு ஒட்டி எடுத்துக்கொள்ள அரசு விதியே இடம் தருகிறது. அவை கணக்கில் வராது. ஞாயிறு முழுவதும் கையிருப்பு நாள். விடுப்பு மூன்று நாள் மிச்சம். டெல்லியில் ஓர் இரவு அறை வாடகையும் மிச்சம். இழப்பது ஒரே ஒரு நாள் சுற்றல்.

இதுவே சரியான வழி என்பது என் முடிவு. கையிருப்பு நாளை விடுப்பிலிருந்து எடுக்காதீர்கள், சுற்றுலாவிலிருந்து எடுங்கள். விடுப்பிலிருந்து எடுத்த நாளை அலுவலகத்தில் ஒரு நெருக்கடி வந்தால் முதலில் விட்டுக்கொடுப்போம். "திங்கட்கிழமை சென்னையில்தானே இருக்கீங்க, ஒரு மணி நேரம் வந்துட்டுப் போங்க" என்று அழைப்பு வரும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் அப்படி யாரும் அழைக்க மாட்டார்கள்.

தனியார் நிறுவனத்தில் இருப்பவர்கள் ஒன்றை மட்டும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்: வெள்ளியும் திங்களும் விடுப்பு எடுத்தால் இடைப்பட்ட சனி ஞாயிறு கழிக்கப்படுமா என்று. விதி நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். வாய்மொழிப் பதிலை நம்பாமல் விடுப்பு விதி எழுதிய பக்கத்தையே பார்த்துவிடுவது நல்லது.

எந்த நாளை வெட்டுவது

ஒரு நாளைக் குறைக்க வேண்டும் என்றதும் குடும்பத்தில் சண்டை வரும். "ஜெய்ப்பூரை விட்டுடலாமா?" என்று யாராவது கேட்பார்கள். எதையும் விட வேண்டாம். வரிசையை மாற்றினால் போதும். பலர் டெல்லியை முதலில் பார்த்துவிட்டு, தொலைவான ஜெய்ப்பூரைக் கடைசியில் வைக்கிறார்கள். பிறகு ரயிலுக்காக மீண்டும் டெல்லி வர வேண்டும். வழியில் நெரிசல் வந்தால் என்ன செய்வது என்ற பயத்தில் ஒரு நாள் முன்னதாகவே வந்து, அந்த நாளைக் கடைத்தெருவில் கழிப்பார்கள். அந்த நாள்தான் வெட்ட வேண்டிய நாள்.

திருத்திய வரிசை இப்படி இருக்கட்டும். ஞாயிறு காலை டெல்லியில் இறங்கி, குளித்து, மதியத்துக்கு மேல் குதுப் மினார், இந்தியா கேட். திங்கள் காலையிலேயே ஜெய்ப்பூர் கிளம்பிவிடுங்கள். திங்கட்கிழமை செங்கோட்டையும் அக்ஷர்தாமும் தேசிய அருங்காட்சியகமும் மூடியிருக்கும், ஆகையால் டெல்லியில் அந்த நாளைத் தவறவிட்டோம் என்ற வருத்தம் வேண்டாம். செவ்வாய் ஜெய்ப்பூர். புதன் காலை கிளம்பி, வழியில் பதேப்பூர் சிக்ரி பார்த்துவிட்டு இரவு ஆக்ரா. வியாழன் காலை தாஜ் மஹால், மாலைக்குள் டெல்லி. தாஜ் வெள்ளிக்கிழமை பொதுமக்களுக்கு மூடப்படும், அதனால் வியாழனைத் தாண்ட விடாதீர்கள். வெள்ளி காலை செங்கோட்டை, அதன் எதிரிலேயே சாந்தினி சௌக், வாங்க வேண்டியதை அங்கேயே வாங்கிவிட்டு மதியம் 3 மணிக்கு அறைக்கு வந்து பெட்டி கட்டலாம். இரவு 9 மணி ரயிலுக்கு அவசரமே இல்லை.

கடைசி நாளை ரயில் கிளம்பும் ஊரிலேயே வைப்பது எந்தப் பயணத்துக்கும் பொருந்தும். வட இந்தியப் பயணத்தில் அது கட்டாயம்.

டிக்கெட் விஷயத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது, பயண நாளைக் கணக்கில் சேர்க்காமல். வெள்ளிக்கிழமை பயணத்துக்கு 60 நாள் முன்னால் வருவது திங்கட்கிழமை. போகும் வெள்ளிக்கான முன்பதிவு ஒரு திங்கள் காலை 8 மணிக்குத் திறக்கும். திரும்பும் வெள்ளிக்கானது சரியாக அடுத்த திங்கள் காலை 8 மணிக்கு. திரும்பும் டிக்கெட்டை "அப்புறம் எடுத்துக்கலாம்" என்று தள்ளிப்போட்டால், விடுமுறைக் காலத்தில் வெள்ளி காத்திருப்புப் பட்டியலுக்குப் போய்விடும். பிறகு சனியில் இடம் இருப்பதைப் பார்த்து அதையே எடுத்துவிடுவீர்கள், கையிருப்பு நாள் அங்கேயே பறிபோகும். இரண்டு திங்களையும் நாட்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள். இணையதளத்தில் எல்லோர் பெயரையும் வயதையும் முன்பே சேமித்து வைத்தால் 8 மணிக்குத் தட்டச்சு செய்து நேரம் போகாது.

வெள்ளி கிடைக்கவே இல்லையென்றால் சனி மதியம் விமானம். டெல்லியிலிருந்து சென்னைக்கு மூன்று மணி நேரத்துக்குள் வந்துவிடும், இரவு வீட்டில் படுக்கலாம். நால்வருக்குச் செலவு அதிகம்தான். ஆனால் ரயில் கட்டணத்தோடு ஒன்றரை நாள் ரயில் சாப்பாட்டையும் கூட்டி ஒப்பிடுங்கள், வித்தியாசம் முதலில் பார்த்ததைவிடக் குறையும்.

பனிமூட்டம்: இரண்டு தேவைகளுக்கு ஒரு நாள் போதாது

கையிருப்பு நாளில் பலர் செய்யும் பெரிய தவறு, ஒரே நாளை இரண்டு வேலைக்கு நம்புவது. வண்டி தாமதமானால் சமாளிக்க ஒரு நாள் வேண்டும். வந்து சேர்ந்து ஓய்வெடுக்க ஒரு நாள் வேண்டும். இவை வேறு வேறு. தாமதம் ஓய்வைத் தின்றுவிட்டால் மிஞ்சுவது ஒன்றுமில்லை.

டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை டெல்லி, ஆக்ரா, குவாலியர், ஜான்சி பகுதியில் இரவும் அதிகாலையும் அடர்ந்த பனிமூட்டம் இறங்கும். ஓட்டுநருக்குச் சிக்னல் தெரியாது. வேகத்தைக் குறைத்தே போக வேண்டும். நம் ரயில் இரவு 9 மணிக்குக் கிளம்பி அந்தப் பகுதியைத்தான் இரவோடு இரவாகக் கடக்கிறது. மூன்று, நான்கு மணி நேரத் தாமதம் வந்தால் ஞாயிறு காலை 10 மணிக்கு இறங்குவீர்கள். கையிருப்பு நாள் அதைத் தாங்கும். பத்து மணி நேரம் போய்விட்டால் மாலையாகிவிடும். அப்போது அது கையிருப்பு நாளாக இருக்காது.

எனவே திங்கட்கிழமை என்ன இருக்கிறது என்று பாருங்கள். வழக்கமான வேலைதான் என்றால் வெள்ளி இரவு ரயில் போதும். தணிக்கை, நேர்காணல், மகளின் தேர்வு என்று தள்ளிப்போட முடியாத ஒன்று இருந்தால் பனிக்காலத்தில் வியாழன் இரவே ஏறுங்கள், அல்லது விமானத்தில் வாருங்கள். விமானமும் பனியில் மாட்டும். ஆனால் மூட்டம் பெரும்பாலும் முற்பகலில் கலைந்துவிடும் என்பதால் பிற்பகல் விமானத்துக்குச் சிக்கல் குறைவு. அதிகாலை, பின்னிரவு விமானங்களைத் தவிருங்கள். இதே பயணத்தை மார்ச்சிலோ அக்டோபரிலோ போனால் இந்தக் கவலை இல்லை.

அந்த ஞாயிறு

கையிருப்பு நாள் உருப்படுவதும் வீணாவதும் கிளம்பும் முன்பே பாதி முடிவாகிவிடுகிறது. ஊருக்குப் போகும் வெள்ளிக்கிழமைக்குள் நான்கு பேரின் திங்கட்கிழமை உடைகளும், பிள்ளைகளின் சீருடை உட்பட, துவைத்து இஸ்திரி போட்டு அலமாரியில் இருக்க வேண்டும். அவற்றை யாரும் தொடக்கூடாது. பிள்ளைகளின் விடுமுறை வீட்டுப்பாடமும் கிளம்பும் முன் முடிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஞாயிறு மாலை முழுவதும் அட்டை, பசை, படம் ஒட்டும் வேலையிலேயே போகும். குளிர்பெட்டியில் பாலும் காய்கறியும் காலி. ஃப்ரீசரில் ஒரு சிறு கிண்ணத்தில் தயிர், உறைக்கு. ஞாயிறு காலைக்குப் பால் பாக்கெட்டும் தண்ணீர் கேனும் வர முன்பே சொல்லிவைத்தாயிற்று.

காலை 6.30க்கு இறங்கினால் 8 மணிக்குள் வீடு. வழியில் இட்லியும் பொங்கலும் கட்டி வாங்கிவிடுங்கள். அன்று காலை அடுப்பு வேண்டாம். பெட்டிகளைப் படுக்கையறைக்குள் கொண்டுபோக வேண்டாம், கட்டிலின் மேல் வைக்கவே வேண்டாம். விடுதியிலும் ரயிலிலும் தரையில் இருந்த பெட்டிகள் அவை. மூட்டைப்பூச்சி வீட்டுக்குள் வரும் வழிகளில் இதுவும் ஒன்று. வாசல் பக்கத்திலோ பால்கனியிலோ திறந்து, துணியை அங்கேயே பிரித்துவிடுங்கள்.

சலவையில்தான் பலர் நாளைத் தொலைக்கிறார்கள். நால்வரின் ஒரு வார அழுக்கு, 7 கிலோ மிஷினில் நான்கு முறை போட வேண்டியிருக்கும். எல்லாவற்றையும் அன்றே முடிக்க நினைத்தால் இரவு வரை மிஷின் ஓடும், நீங்களும் அதோடு ஓடுவீர்கள். உண்மையில் தடை மிஷின் அல்ல, கொடி. டிசம்பர், ஜனவரியில் சென்னைக் காற்றில் ஈரம் மிச்சமிருக்கும்; மாலை 4 மணிக்கு மேல் போட்ட துணி மறுநாளும் காயாது, நாற்றமெடுக்கும். ஆகவே இரண்டே முறை. முதலில் உள்ளாடை, காலுறை, துண்டுகள். குளிக்கப் போகும் முன்பே மிஷினில் போட்டு 9 மணிக்குள் கொடிக்கு வந்துவிட வேண்டும். அடுத்து அன்றாட பருத்தித் துணிகள். ஜீன்ஸ் செவ்வாய், புதனுக்குப் போகட்டும். ஸ்வெட்டரும் சால்வையும் அன்று தண்ணீரையே பார்க்க வேண்டாம். நிழலில் விரித்து இரண்டு நாள் காற்றாட விடுங்கள். கம்பளித் துணியை நனைத்துக் கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் கனத்திலேயே நீண்டு போகும்.

அடுத்தது தூக்கம். ரயிலை விட்டு இறங்கிய பிறகும் படுத்தால் கட்டில் ஆடுவது போல் இருக்கும். நீண்ட பயணத்தில் அசைவுக்குப் பழகிய காதின் சமநிலை உறுப்பும் மூளையும் நின்ற நிலத்துக்குத் திரும்பச் சில மணி நேரம் எடுப்பதுதான் காரணம். பயப்பட ஒன்றுமில்லை. மதியம் சாப்பிட்டதும் தூங்கத்தான் தோன்றும், தூங்கலாம். ஆனால் ஒன்றரை மணி நேரத்துக்கு அலாரம் வைத்து, 3 மணிக்குள் எழுந்துவிடுங்கள். 5 மணி வரை தூங்கியவருக்கு இரவு 12 வரை தூக்கம் வராது. திங்கள் காலை அவர் ரயிலில் வந்து இறங்கியவரைப் போலவேதான் எழுவார். இரவு 10 மணிக்குப் படுப்பதுதான் அந்த நாளின் முக்கியமான வேலை, மற்ற எல்லாம் அதற்காகத்தான்.

கால் வீக்கத்தையும் பாருங்கள். 33 மணி நேரம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து வந்தால் இரண்டு பாதமும் சற்று வீங்குவது சகஜம். சுவரில் காலைத் தூக்கி வைத்துப் படுத்தால் மாலைக்குள் வடியும். ஒரு காலில் மட்டும் வீக்கம், ஆடுசதையில் வலி, தொட்டால் சூடு என்றால் அது களைப்பு அல்ல, ரத்தக்கட்டாக இருக்கலாம். அன்றே மருத்துவரைப் பாருங்கள். கூடவே மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ இருந்தால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவு.

சமையல் எளிமையாக இருக்கட்டும். மதியம் ரசம், அப்பளம். மாலையில் ஒரு வத்தக்குழம்பு வைத்துவிட்டால் இரவுக்கும் ஆகும், திங்கள் மதிய டப்பாவுக்கும் ஆகும். மறுநாள் அதன் ருசி கூடத்தான் செய்யும். காய்கறி மூன்று நாளுக்கு மட்டும் வாங்குங்கள்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மேலே சொன்ன வேலைகளை நம் வீடுகளில் ஒருவரே செய்கிறார். அவரும் அதே ரயிலில் அதே நடு பெர்த்தில் வந்தவர், அவருக்கும் திங்கட்கிழமை அலுவலகம் உண்டு. கணவர் சோபாவில் படுத்துப் படங்களைக் குடும்பக் குழுவுக்கு அனுப்பிக்கொண்டிருக்க, மனைவி மூன்றாவது முறை மிஷின் போட்டுக்கொண்டிருந்தால் அந்தக் குடும்பத்தில் ஒருவருக்குத்தான் கையிருப்பு நாள் கிடைத்திருக்கிறது. ரயிலிலேயே, நாக்பூர் தாண்டிய பிற்பகலில் நிறைய நேரம் இருக்கும், அப்போதே பிரித்துக்கொள்ளுங்கள்: சலவையும் கொடியும் அப்பா, பெட்டிகளைக் காலி செய்வது மகள், காலணிகளும் தண்ணீர் பாட்டில்களும் மகன், சமையல் அம்மா. வேலைக்காரம்மா ஞாயிறு வராதவர் என்றால் பாத்திரம் யார் என்றும் சொல்லிவிடுங்கள்.

அலுவலக மின்னஞ்சலை அன்று திறக்கலாமா? திறக்கலாம், மாலை 6 மணிக்கு முக்கால் மணி நேரம் மட்டும். படிக்கவும் பிரிக்கவும் மட்டுமே; பதில் எழுதக்கூடாது. திங்கள் காலையே பதில் கேட்பவை, வாரத்துக்குள் போதுமானவை, படித்துவிட்டு விடலாம் என்பவை என்று மூன்றாகப் பிரியுங்கள். முதல் வகையில் பெரும்பாலும் ஐந்தாறுதான் இருக்கும். அதைக் கண்ணால் பார்த்துவிட்டாலே இரவு தூக்கம் வரும். பதில் எழுதத் தொடங்கினால் எதிரில் இருப்பவரும் பதில் எழுதுவார், ஞாயிறு அதோடு முடிந்தது. விடுப்பில் போகும் முன்பே திங்கள் முற்பகலில் கூட்டம் எதுவும் இல்லாமல் நாட்காட்டியை அடைத்து வையுங்கள். "திங்கள் மதியம் பேசலாம்" என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

கையிருப்பு நாளைத் திருடுபவர்கள் அலுவலகத்தில் மட்டும் இல்லை, உறவிலும் உண்டு. "வந்துட்டீங்களாமே, சாயங்காலம் வர்றோம்" என்று தொலைபேசி வரும். ஆக்ரா பேட்டா கொடுக்க நான்கு வீட்டுக்குப் போகத் தோன்றும். ஒரு வரவேற்பு நிகழ்ச்சி அழைப்பிதழ் மேசையில் கிடக்கும். ஊர் திரும்பும் நாளை யாரிடமும் ஞாயிறு என்று சொல்லாதீர்கள். "திங்கட்கிழமைதான் வேலைக்குப் போறோம், புதன்கிழமை வீட்டுக்கு வாங்க" என்று சொல்லுங்கள். பேட்டா புதன் வரை கெடாது.

அந்த நாள் பலித்ததா என்று ஞாயிறு இரவு 9 மணிக்குத் தெரிந்துவிடும். பெட்டிகள் காலியாகிப் பரணில் இருக்க வேண்டும், நாளைய உடையும் பையும் தயாராக இருக்க வேண்டும், ஒருவராவது கொட்டாவி விட்டுக்கொண்டிருக்க வேண்டும். மூன்றும் இல்லையென்றால் அந்த நாளில் எது நேரத்தைத் தின்றது என்று அப்போதே குறித்து வையுங்கள். அடுத்த பயணத்துக்கு உதவும்.

ஒரு நாள் போதாத பயணமும், அரை நாள் போதுமான பயணமும்

அமெரிக்காவிலிருந்து திரும்புகிறவர்களுக்கு இந்த அத்தியாயத்தின் கணக்கு பொருந்தாது. அங்கே களைப்புக்குக் காரணம் தூக்கக் குறைவு மட்டுமல்ல, உடலின் கடிகாரமே கிட்டத்தட்ட பகல் இரவு மாறிக் கிடக்கிறது. கிழக்குக் கடற்கரைக்கும் நமக்கும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேர வித்தியாசம். அந்தக் கடிகாரம் நாளொன்றுக்கு ஒன்று, ஒன்றரை மணி நேரம்தான் நகரும். ஒரு நாள் ஓய்வில் அது சரியாகாது. வியாழன் அல்லது வெள்ளி சென்னையில் இறங்கும்படி பாருங்கள். முதல் வாரம் பிற்பகலில் கடினமான வேலையையும், கார் ஓட்டுவதையும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

மாறாக, மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ சனி ஞாயிறு போய் வருகிறவர்களுக்கு முழு நாள் தேவையில்லை. அரை நாள் போதும், அதுவும் டிக்கெட்டிலேயே இருக்கிறது. ஞாயிறு இரவு ரயிலிலும் ஸ்லீப்பர் பேருந்திலும் வந்து திங்கள் காலை இறங்குவதற்குப் பதில், மதுரையிலிருந்து காலையில் கிளம்பும் வைகை எக்ஸ்பிரஸோ, நெல்லையிலிருந்து அதிகாலை கிளம்பும் வந்தே பாரத்தோ பிற்பகலுக்குள் சென்னை சேர்த்துவிடும். மாலை முழுவதும் வீட்டில், இரவு சொந்தக் கட்டிலில். ஞாயிறு இரவு வண்டிகளைவிடப் பகல் வண்டிகளில் இடம் கிடைப்பதும் பல நேரம் எளிது. அடுத்த முறை ஊருக்குக் கிளம்பும்போது, ஞாயிறு இரவு டிக்கெட்டைத் தேடும் முன் ஞாயிறு காலை வண்டியில் இடம் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.